அனுப்புகிறவர் செங்கமலம்

அரியலூர் போஸ்டாபீஸ் வாசலில் பதினைந்து வருஷம் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்த அடைக்கலசாமிக்குத் தன் எழுத்தின் மேல் இருந்த நம்பிக்கை, ஏலாக்குறிச்சி மாதாவின் மேல் இருந்த நம்பிக்கைக்கு ஒரு பிடி குறைவு, அவ்வளவுதான். 'ரைட்டர்' என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் சர்க்கார் கொடுத்த பட்டம் மாதிரி அவர் தலையை நிமிர்த்தியே வைத்திருந்தது.

அப்படிப்பட்டவரை, சுதந்திரம் வந்த வருஷத்து ஐப்பசி மாதத்தில், கடைவீதி மளிகைக்கடை அரியமுத்து கூப்பிட்டனுப்பினார்.

"ரைட்டரே, மலாய்ல இருக்கிற நம்ம ஊர்க் குடும்பங்களுக்கெல்லாம் இங்கேருந்து பலகாரமும் சாமானும் பார்சல்ல அனுப்பலாம்னு இருக்கேன். சண்டை முடிஞ்சு தபால் ஒழுங்கா போவுதுங்கிறாங்க. ஆனா அங்க இருக்கிறவுகளுக்கு அரியமுத்து ஸ்டோர்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. தெரியவைக்கிறது ஒங்க பொறுப்பு" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மொதலாளி. ஆறே மாசத்துல பினாங்குலேருந்து சிங்கப்பூர் வரைக்கும் ஒங்க பேரைச் சொல்லவைக்கிறேன்" என்றார் அடைக்கலசாமி. வாயால் அளப்பதில் அவர் ஒருநாளும் கஞ்சத்தனம் காட்டியதில்லை.

முதலில் விலைப் பட்டியல் எழுதினார். 'கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பத்தாருக்கு ஓர் நற்செய்தி' என்று தலைப்புப் போட்டார். அரிசி, பருப்பைக் கப்பலேற்றச் சர்க்கார் விடாத காலம் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், கடலை உருண்டை, முந்திரி, புளி, மல்லி, மஞ்சள் என்று வரிசையாகச் சேர்த்தார். முறுக்கு சேர்க்கலாம் என்றார் முதலாளி. கப்பல் ஆட்டத்தில் மாவாகப் போய்ச் சேரும் என்று இவர் அடித்துவிட்டார். பட்டியலைத் திருச்சியில் அச்சடித்து வந்தார்கள்.

வெறும் காகிதத்தைப் பார்த்து எவனும் ஆர்டர் போட மாட்டான், நாக்கில் பட்டால்தான் போடுவான் என்பது அடுத்த யோசனை. ஆகவே இருபத்துநான்கு சின்னத் தகர டப்பாக்கள் வாங்கி, பெரம்பலூர் சந்தை மிளகாயில் போட்ட மோர்மிளகாய் கொஞ்சம், கடலை உருண்டை, வறுத்த முந்திரி என்று நிரப்பி, மேலே விலைப் பட்டியலை மடித்து வைத்து, ஈயம் பற்றவைத்து மூடி, காடாத் துணியில் பொதிந்து தைத்து, தையலின் மேல் அரக்கு முத்திரை குத்தி இனாமாக அனுப்புவது என்று முடிவாயிற்று. விலாசங்களுக்குப் பஞ்சமில்லை. அடைக்கலசாமியிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருந்தது. கடிதம் எழுதவரும் ஒவ்வொரு தாயின் பெயர், ஊர், அக்கரையில் இருக்கும் மகனின் தோட்டத்து விலாசம் எல்லாம் அதில் பக்கம் பக்கமாக உண்டு. சண்டை முடிந்தபின் எந்த மகனிடமிருந்து 'உயிரோடு இருக்கிறேன்' என்று கடிதம் வந்ததோ அந்தப் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தார். குறி உள்ள பெயர்களாகப் பார்த்து இருபத்துநான்கு பொறுக்கினார்.

கடைசியில் ஒரு சிக்கல். முகம் தெரியாத எவனோ தின்பண்டம் அனுப்பினால் நம் ஜனங்கள் தொடுவார்களா? இடுமருந்து வைத்திருக்கும் என்று தோட்டத்துக் குப்பையில் போட்டுவிட மாட்டார்களா? பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த பணியாரத்தையே நாய்க்குப் போட்டுப் பார்க்கிற சாதியல்லவா நாம். அடைக்கலசாமி தலையைச் சொறிந்தார். சட்டென்று ஒரு யோசனை உதித்தது. சுங்கச் சீட்டில் அனுப்புகிறவர் பெயர் எழுதவேண்டிய இடத்தில் அந்தந்த மகனின் தாயார் பெயரை எழுதிவிட்டால் என்ன? பெற்றவள் அனுப்பியதை எவன் சந்தேகப்படுவான்?

"அவங்களைக் கேக்க வேணாமா?" என்றார் அரியமுத்து.

"நல்லதுதானே செய்யுறோம். சந்தோசம்தான் படுவாங்க."

அப்படியே எழுதினார். இருபத்துநான்கு தாய்மார்களின் பெயரும் ஒரே கையெழுத்தில் இருந்தது போஸ்டாபீஸில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் அவர்தானே எழுதுகிறவர். கார்த்திகை பிறந்ததும் டப்பாக்கள் ரயிலேறின.

தை போயிற்று. ஒரு ஆர்டரும் வரவில்லை. அரியமுத்து தினமும் தபால்காரரின் பையை எட்டிப் பார்ப்பதும், பிறகு ரைட்டரின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். டப்பாக்கள் திரும்பியும் வரவில்லை. வராததால் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சேர்ந்திருந்தால் ஏன் ஒருவனும் எழுதவில்லை? இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

மாசி முதல் வாரத்தில் கீழப்பழுவூர் இருசம்மாள் கடைக்குள் நுழைந்தாள். கையில் ஒரு கடிதம். நுழையும்போதே குரல் முன்னால் வந்தது.

"யாருய்யா இங்க என் பேருல என் மவனுக்கு மோர்மிளகா அனுப்புனது? டப்பாக்குள்ள ஒங்க கடைச் சீட்டு இருந்துச்சாம்!"

அடைக்கலசாமி பெருமையோடு எழுந்து நின்றார். "நாங்கதான். புடிச்சிருந்திச்சாமா?"

"புடிச்சிருந்திச்சாம். 'அம்மா, ஒன் கைப்பக்குவம் மாறிப்போச்சே, உப்பு தூக்கலா இருக்கே, ஒடம்பு சரியில்லியா'ன்னு கேட்டு எழுதிருக்கான்! எம் மோர்மிளகாய்ல உப்பு தூக்கலா? எங்க தெருவுல போயிக் கேளுங்க!" அவளுக்குக் கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஏழு வருசமா அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் அனுப்ப முடியலியேன்னு கெடக்கேன். மொதமொதலா போனது நான் செஞ்சதா இல்லாம போயிருச்சே."

அரியமுத்துவுக்கு ஒன்று மட்டும் உறைத்தது. "ஆர்டர் ஏதும் போட்டிருக்கானா?"

"கடலை உருண்டை இன்னும் கொஞ்சம் அனுப்புன்னு எழுதிருக்கான். எனக்கு."

அதுதான் சங்கதி. தாய் பெயரைப் பார்த்தவன் பட்டியலை ஏன் பார்க்கிறான்? எல்லோரும் அம்மாவுக்கே எழுதினார்கள். அந்த வாரத்திலேயே இன்னும் மூன்று தாய்மார்கள் வந்து போனார்கள். ஒருத்தி சந்தோஷப்பட்டாள். ஒருத்தி, மகன் பதிலுக்குச் சேலை அனுப்பப்போகிறானாம், அது தனக்கா கடைக்கா என்று கேட்டாள். இன்னொருத்தி, தானே அனுப்பிவிட்டு மறந்துபோனோமோ என்று குழம்பிப்போய் வந்து, கேட்டுவிட்டு, கேட்டது இன்னும் குழப்பி விட்டதாகச் சொல்லிப் போனாள். அரியமுத்து கல்லாவில் கை வைத்தபடி, "ரைட்டரே, இது மளிகைக்கடையா, இல்லே அம்மாமாருங்க சங்கமா?" என்று கேட்டார். அடைக்கலசாமி மிச்சமிருந்த பட்டியல்களை எடுத்து ஓரம் தட்டி அடுக்கினார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு மூலையில், எல்லோரும் தின்றார்கள் அல்லவா, நம் யோசனை பலித்தது அல்லவா என்று ஒரு கர்வம் உட்கார்ந்துதான் இருந்தது.

அதையும் கிளப்பிவிட ஒரு ஆள் வந்தான். விக்கிரமங்கலம் அங்கமுத்து. அறுவடைக் கூலிக்குப் போகிறவன். போஸ்டாபீஸ் வாசலில், பழைய இடத்தில் ரைட்டர் உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில் வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ரைட்டரய்யா, ஒரு காயிதம் வந்திருக்கு. எங்க அம்மா பேருக்கு."

"குடு, படிக்கிறேன்."

"எங்க அம்மா செத்து நாலு வருசமாச்சுங்க."

அடைக்கலசாமி கடிதத்தை வாங்கினார். உறையைத் திருப்பினார். செங்கமலம், விக்கிரமங்கலம். அனுப்பியது பாவாடை, பேராக் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து. அந்த விலாசம் அவருக்குத் தெரியும். போன கார்த்திகையில் ஒரு காடாத் துணியின் மேல் அவரே அதை எழுதியிருந்தார்.

நோட்டில் செங்கமலத்தின் பெயர் இருந்தது. பாவாடைக்கு எதிரே சிவப்புக் குறியும் இருந்தது. அப்புறம் எப்படி? ரைட்டரின் மண்டைக்குள் எல்லாம் சுழன்றது. அங்கமுத்துவே அந்தச் சுழலுக்கு ஒரு நுனியைக் கையில் கொடுத்தான்.

"அம்மா செத்ததை அண்ணனுக்கு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க. சண்டை முடிஞ்ச வருசம். அந்தா, அந்தப் புளியமரத்தாண்ட நின்னுகிட்டு எழுதினீங்களே."

எழுதினார். அந்த வருஷம் முழுக்கச் சாவுக் கடிதம்தான். ஜப்பான்காரன் வழியை அடைத்திருந்த மூன்றரை வருஷத்தில் இங்கே செத்தவர்களையெல்லாம் ஒரே வருஷத்தில் அக்கரைக்குச் சொல்லவேண்டியிருந்தது. சாவுச் செய்தி எழுத அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து எழுத மாட்டார். மரத்தடியில் நின்றுகொண்டு, அதற்கென்று வைத்திருந்த தனிப் பேனாவில் எழுதுவார். எழுதி முடித்ததும் கையைக் கழுவிச் சிலுவை போட்டுக்கொள்வார். அந்தச் செய்தியை நீல நோட்டில் மட்டும் ஏற்றவே மாட்டார். உயிரோடு இருக்கிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற நோட்டு, அதில் சாவை எழுதினால் விளங்காது என்பது அவர் நம்பிக்கை. ஆகவே அந்த நோட்டில் யாருமே செத்ததில்லை. செங்கமலமும் சாகவில்லை.

"படிங்கய்யா" என்றான் அங்கமுத்து.

அடைக்கலசாமி கடிதத்தைப் பிரித்தார். வாய் திறக்குமுன் கண் வரிகளின் மேல் முன்னால் ஓடியது.  வேறு ஏதாவது படித்துவிடலாமா என்று நினைத்தார். இவனுக்கு எழுத்துத் தெரியாது. சேமம், சேமத்துக்கு எழுதவும் என்று நான்கு வரி சொல்லி மடித்துக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பதினைந்து வருஷத்தில் எவ்வளவோ சண்டைக் கடிதங்களை வழவழப்பாக்கிப் படித்தவர்தான் அவர். ஆனால் பொய் படித்ததில்லை.

படித்தார்.

'அம்மாவுக்குப் பாவாடை எழுதிக்கொண்டது. அம்மா, நீ அனுப்பின டப்பா வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஆபீஸில் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். சீட்டில் உன் பெயரைப் படித்துச் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. நீ செத்துப்போனாய் என்று தம்பி எழுதினானே. நான் ஆற்றங்கரையில் முடி இறக்கி, படையல் போட்டு அழுதேனே. அதற்கப்புறம் யாருக்குக் கடிதம் போடுவது என்று போடாமல் விட்டேன். நீ உயிரோடு இருக்கிறாய். அப்படியென்றால் அவன் ஏன் அப்படி எழுதினான் என்று எல்லோரையும் கேட்கிறேன். நான் ஊர் திரும்பக் கூடாது, இருக்கிற ஒரு குடிசை மனையையும் அவனே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றுதான் எழுதியிருப்பான் என்கிறார்கள். கூடப் பிறந்தவன் இப்படிச் செய்வானா அம்மா? நீ பயப்படாதே. தோட்டத்தில் கணக்கு முடித்துக்கொண்டு பங்குனிக் கடைசியில் கப்பலேறி வருகிறேன். வந்து உன்னைப் பார்த்த பிறகுதான் அவனிடம் பேச்சு. மோர்மிளகாயைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றுதான் தின்றேன். உன் கைவாசனை அப்படியே இருந்தது.'

அங்கமுத்து இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். பிறகு தன்னையே கேட்டுக்கொள்வதுபோல, "நான் பொய் சொன்னேனா? என் தோள்லதானே தூக்கிட்டுப் போனேன்" என்றான். "யாருய்யா எங்கம்மா பேர்ல அனுப்பிருப்பா? எவன் எங்க குடியைக் கெடுக்கணும்னு செஞ்சான்? பேயா பிசாசா? எனக்கு ஒண்ணுமே வெளங்கலியே."

அடைக்கலசாமிக்கு விளங்கியது. விளங்கிய அளவுக்கு வெட்கமாக இருந்தது. தன்னைப்போல் ஒரு மடையன் அரியலூர்த் தாலுகாவிலேயே கிடையாது என்று தோன்றியது. எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது. அவர் ஓடவில்லை.

"நான்தான் அனுப்புனேன், அங்கமுத்து" என்றார்.

கடை, பட்டியல், டப்பா, நோட்டு எல்லாவற்றையும் சொன்னார். அங்கமுத்து வாயைப் பிளந்து கேட்டான். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை.

"கடையில மோர்மிளகா விக்கிறதுக்கா எங்கம்மாவை உசுரோட எழுப்புனீங்க?" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் ரைட்டர் தாங்கியிருப்பார். "ஒங்களை நம்பித்தானே சொன்னேன் அன்னிக்கு. நீங்க எழுதுனதை நீங்களே மறந்துட்டீங்க. எங்கண்ணன் என்னைத் திருடன்னு நெனச்சுகிட்டு கப்பலேறப் போறான்."

"ஏறுறதுக்கு முன்னாடி சேரணும். ஏர் மெயில்ல எழுதுறேன். அடுத்த வாரம் கைக்குப் போயிரும்."

"மறுபடியும் செத்துட்டாள்னு எழுதப்போறீங்களா?" அவன் குரல் அப்போதுதான் உடைந்தது. "எத்தினி தடவைய்யா சாவா எங்கம்மா?"

ரைட்டர் பையில் தனிப் பேனாவைத் தேடினார். எடுத்தார். பிறகு அதைத் திரும்பப் பையில் போட்டுவிட்டு, எப்போதும் எழுதும் பேனாவையே எடுத்தார். மரத்தடிக்குப் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே எழுதினார். பாவாடைக்கு அடைக்கலசாமி எழுதிக்கொண்டது என்று ஆரம்பித்து, உன் தாயார் மார்கழி அமாவாசையன்று இறந்தது சத்தியம், உன் தம்பி எழுதச் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சத்தியம், பொய் என்னுடையது, வியாபாரத்துக்காக அவள் பெயரைத் திருடியவன் நான் என்று எழுதினார். அழகாக எழுத வரவில்லை. இரண்டு இடத்தில் மை கொட்டியது. கீழே தன் கையெழுத்தும் அங்கமுத்துவின் பெருவிரல் ரேகையும் வைத்தார். பிறகு நீல நோட்டைத் திறந்து, செங்கமலத்தின் பெயருக்கு எதிரே, இறந்துபோனார் என்று எழுதினார். பதினைந்து வருஷத்தில் அந்த நோட்டில் முதல் சாவு.

அங்கமுத்து சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனான்.

அரியமுத்துவிடமும் போய்ச் சொன்னார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "வேணாம் ரைட்டரே. பினாங்கும் வேணாம், சிங்கப்பூரும் வேணாம்" என்று மிச்சமிருந்த பட்டியல் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டார்.

பங்குனி முடிந்தது. பாவாடை வரவில்லை. கடிதம் சேர்ந்ததா, சேர்ந்ததால் வரவில்லையா, சேராமலேயே வேறு ஏதாவது ஆயிற்றா என்று தெரியாமல் ரைட்டர் ஒவ்வொரு சென்னை ரயிலுக்கும் ஸ்டேஷனில் போய் நின்றார். வைகாசியில் ஒரு நாள் அங்கமுத்து கடைத்தெருவில் அவரைப் பார்த்து நின்றான். "அண்ணன் எனக்கு எழுதிட்டான். எங்கூர்ப் பையன் ஒருத்தன் படிச்சான்" என்று மட்டும் சொன்னான். என்ன எழுதினான் என்று கேட்க இவருக்குத் துணிச்சல் வரவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவே அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆடி பிறந்து பத்து நாள் கழித்து, அரியமுத்து கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். போனார். முதலாளியின் கையில் ஒரு உறை. மேலே, 'அரியமுத்து ஸ்டோர், அரியலூர்' என்று இருந்தது. உள்ளே ஒரு போஸ்டல் ஆர்டர், ஒரு கடிதம், ஓரம் எண்ணெய் பட்ட விலைப் பட்டியல். பட்டியலில் மோர்மிளகாய்க்கு எதிரே பென்சிலால் ஒரு கோடு.

"அக்கரையிலேருந்து நம்ம கடைக்கு வந்த மொத ஆர்டரு. ஆனா படிச்சுப் பாத்தா எனக்குத் தலையும் புரியலே காலும் புரியலே. நீங்க படிங்க" என்றார்.

அடைக்கலசாமி படித்தார்.

'ஐயா, வருஷத்துக்கு ஒரு டப்பா மோர்மிளகாய் வேண்டும். மார்கழி அமாவாசைக்கு முன்னால் கைக்குக் கிடைக்கும்படி அனுப்பவும். அம்மாவுக்குப் படைக்கவேண்டும். உப்பு போன தடவை மாதிரியே இருக்கட்டும். அனுப்புகிறவர் பெயரை மாற்றவேண்டாம். அன்றைக்கு ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, உன் அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது என்று சொன்னார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை அதைக் கேட்கவேண்டும். இப்படிக்கு, பாவாடை.'

"என்ன செய்யுறது?" என்றார் அரியமுத்து. "சுங்கச் சீட்டுல செத்தவ பேரை எழுதலாமா? சட்டம் ஒத்துக்குமா? எழுதலேன்னா இவன் என்ன நெனைப்பான்? எனக்கு ஒண்ணும் ஓடலே ரைட்டரே."

அடைக்கலசாமிக்கும் ஓடவில்லை. எது சரி, எது தப்பு என்று அந்தக் கணக்கை அவர் போன மாசியிலேயே தொலைத்திருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கார்த்திகை பிறந்ததும் அனுப்பவேண்டும் என்று நோட்டில் குறித்தார். பக்கத்தில், மிளகாய் கீழப்பழுவூர் இருசம்மாளிடம் வாங்கக் கூடாது, அவள் உப்பைக் குறைத்துவிடுவாள் என்றும் எழுதிக்கொண்டார்.

கார்த்திகை இரண்டாம் தேதி டப்பாவைப் பற்றவைத்து, துணி தைத்து, அரக்கு வைத்தார்கள். போஸ்டாபீஸ் மேஜையில் சீட்டை விரித்துக்கொண்டு ரைட்டர் உட்கார்ந்தார். பிறகு வழக்கமான பேனாவில் நிதானமாக எழுதினார். அனுப்புகிறவர்: செங்கமலம், விக்கிரமங்கலம். அதன் கீழே, சட்டத்துக்காக, மேற்பார்வை அரியமுத்து ஸ்டோர், அரியலூர்.

பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அங்கமுத்து, எழுத்துத் தெரியாத கண்ணால் அந்த வரியையே பார்த்தான்.

"அம்மா பேரு எதுங்க?" என்று கேட்டான்.

ரைட்டர் காட்டினார். மை காயும்வரை காத்திருந்து, அவன் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.